பத்தியமும் மீறலும்: கடும் உணவு விதிகளுக்குப் பின் நேரும் கட்டிழந்த உண்கை

தமிழ் மருத்துவ மரபில் பத்தியம் என்பது ஒரு நோய்க்கும் ஒரு மருந்துக்கும் உரிய உணவு ஒழுங்காகும். மருந்துண்ணும் நாள்களில் இன்னின்னவற்றை நீக்குக என்று மருத்துவர் சொல்வார். மருந்து நின்ற பின்னும் மறுபத்தியம் என்று மேலும் சில நாள் கவனமாக இருந்து, அதன் பின்னரே வழக்கமான உணவுக்குத் திரும்புவர். அந்த ஒழுங்குக்கு ஒரு காரணம் இருந்தது, ஒரு கால எல்லை இருந்தது, வெளியேறும் வழியும் வகுக்கப்பட்டிருந்தது. இன்று ‘டயட்’ என்ற பெயரில் நம்மிடையே பலர் தமக்குத் தாமே விதித்துக்கொள்ளும் கட்டுப்பாட்டில் இம்மூன்றுள் முதலாவது மட்டுமே உண்டு. உடல் எடை குறையவேண்டும் என்னும் காரணத்தோடு அது தொடங்குகிறது. எப்போது முடியும், எப்படி முடியும் என்பதை எவரும் வகுப்பதில்லை. ஆகவே அது பெரும்பாலும் ஒரு நள்ளிரவில், சமையலறையில், தானாகவே முறிகிறது.

அந்த முறிவைப் பற்றியதே இக்கட்டுரை. கடுமையாக உணவைக் குறைத்த ஒருவர், சில நாள்களுக்குப் பின் தம்மை மீறிப் பேரளவில் உண்பதும், அதற்கு வருந்தி மறுநாள் இன்னும் கடுமையாகக் குறைப்பதும், மீண்டும் உண்பதுமாகிய சுழல் எவ்வாறு உண்டாகிறது, அதை எவ்வாறு தளர்த்துவது என்பதை இங்கு நோக்குவோம்.

முதலில் சொல்லைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். இந்நிகழ்வைக் குறிக்கப் ‘பெருந்தீனி’ என்னும் பழஞ்சொல் நம்மிடம் உண்டு. ஆனால் அச்சொல்லில் பழிப்பு கலந்திருக்கிறது. பெருந்தீனிக்காரர் என்று ஒருவரைச் சுட்டும்போது, அவர் நாவை அடக்காதவர் என்ற தீர்ப்பும் உடன் வந்துவிடுகிறது. நாம் பேசப்போகும் மனிதரோ நாள் முழுதும் நாவை அடக்கியவர். அளவுக்கு மிஞ்சி அடக்கியவர். எனவே இங்குக் ‘கட்டிழந்த உண்கை’ என்னும் தொடரைக் கையாள்கிறேன். மருத்துவர்கள் இதனை இரண்டு அடையாளங்களால் அறிவர். குறுகிய நேரத்தில், ஏறத்தாழ இரண்டு மணி நேரத்திற்குள், அதே சூழலில் பிறர் உண்பதைவிடத் தெளிவாக மிகுதியான அளவு உண்பது ஒன்று. அவ்வேளையில் நிறுத்த முடியவில்லை என்னும் உணர்வு மற்றொன்று. திருமண விருந்தில் வயிறு புடைக்க உண்பது இதில் சேராது. அங்கு உண்பவர் வேண்டுமென்றே உண்கிறார், விரும்பினால் நிறுத்திவிடுவார். இந்நிகழ்வு சராசரியாக வாரத்திற்கு ஒரு முறையாவது, மூன்று மாதம் தொடர்ந்தால் அதை ஒரு நோய்நிலையாகக் கருதலாம் என்று 2013ஆம் ஆண்டில் வெளிவந்த அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் வகைப்பாட்டு நூல் கூறுகிறது.

பசித்த உடல் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதற்கு மிகத் தெளிவான சான்று இரண்டாம் உலகப்போரின் இறுதிக்கட்டத்தில் கிடைத்தது. போரால் பட்டினிக்குள்ளான மக்களுக்கு எவ்வாறு மீண்டும் உணவளிப்பது என்பதை அறிய, ஆன்சல் கீஸ் என்னும் உடலியல் அறிஞர் 1944 நவம்பரில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வைத் தொடங்கினார். போரில் ஆயுதம் ஏந்த மனம் ஒப்பாத 36 இளைஞர்கள் தாமே முன்வந்து அதில் சேர்ந்தனர். உடல்நலமும் மனநலமும் நன்றாக இருந்தவர்களையே தேர்ந்தெடுத்தார்கள். முதல் 12 வாரம் அவர்களுக்கு இயல்பான உணவு. பின்னர் 24 வாரம், நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,600 கலோரி மட்டுமே. உருளைக்கிழங்கு, டர்னிப், ரொட்டி, மக்கரோனி ஆகியவையே பெரும்பாலும் தட்டில் இருந்தன. வாரத்திற்கு 22 மைல் நடக்கவும் வேண்டும். அவர்கள் தம் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை இழந்தனர்.

1,600 கலோரி என்பது இன்று பல எடைக்குறைப்புத் திட்டங்கள் பெண்களுக்குப் பரிந்துரைக்கும் அளவைக் காட்டிலும் கூடுதலாகவே இருக்கும் என்பதை ஈண்டு நினைவிற்கொள்ள வேண்டும். நாளும் நடந்து உழைக்கும் இளம் ஆண்களுக்கு அது பாதிப் பட்டினி. நம் கருத்துக்கு முக்கியமானது எடை இழப்பன்று, அவர்கள் மனத்தில் நிகழ்ந்த மாற்றமே. உணவைத் தவிர வேறு நினைவு இல்லாமற்போயிற்று. சமையல் நூல்களைச் சேர்த்து இரவில் படித்தார்கள். ஒரு வேளை உணவை நெடுநேரம் நீட்டி உண்டார்கள், தட்டை நக்கினார்கள், காப்பியும் மெல்லும் கோந்தும் அளவின்றிப் பெருகின. சிலர் இரகசியமாக விதியை மீறினர். ஓர் இளைஞர் கடையில் பனிக்கூழும் பாற்பானமும் அடுத்தடுத்து உட்கொண்டு, சில்லறை மிட்டாய்களைத் திருடவும் செய்தார். பின்னர் வெட்கி, நிகழ்ந்ததைத் தாமே ஒப்புக்கொண்டார். ஆய்வு முடிந்து உணவு கட்டின்றிக் கிடைத்தபோது, வயிறு நிறைந்த பின்னும் பசி அடங்கவில்லை என்று பலர் கூறினர். இயல்பான அளவைப் பன்மடங்கு மிஞ்சி, நாளுக்கு 10,000 கலோரி வரை உண்டவரும் உண்டு. இந்நிலை வாரக்கணக்கில் நீடித்தது. கீஸும் அவர் குழுவினரும் இவற்றையெல்லாம் 1950இல் இரு பெருந்தொகுதிகளாக வெளியிட்டனர்.

இந்த இளைஞர்களுள் எவரும் மெலிய ஆசைப்பட்டவர் அல்லர். கண்ணாடியில் தம் இடுப்பைப் பார்த்து ஏங்கியவரும் அல்லர். கொண்ட கொள்கைக்காகச் சமூகத்தின் ஏச்சையும் பொறுத்துக்கொண்ட மனவுறுதி படைத்தவர்கள். அவர்களிடமே உணவு பற்றிய வெறியும் கட்டிழந்த உண்கையும் தோன்றின என்றால், அதனை மனவுறுதிக் குறைவு என்று விளக்க இயலாது. உணவு குறைந்ததற்கு உடல் அளித்த விடை அது.

அந்த விடை எவ்வழியாக வருகிறது என்பதில் ஒரு பகுதி இப்போது தெரியும். உடற்கொழுப்பிலிருந்து சுரக்கும் லெப்டின் என்னும் இயக்குநீர், உடலில் இருப்பு போதும் என்னும் செய்தியை மூளைக்குச் சொல்கிறது. உணவைச் சட்டெனக் குறைத்தால், கொழுப்பு கரைவதற்கு முன்பே, சில நாள்களில் லெப்டின் வீழ்ந்துவிடுகிறது. இரைப்பையில் சுரந்து பசியைத் தூண்டும் கிரெலின் உயர்கிறது. மூளை இதைப் பஞ்சம் என்றே கொள்கிறது. அது ‘டயட்’ என்றும், தீபாவளிக்குள் ஐந்து கிலோ குறையவேண்டும் என்றும் மூளைக்கு எவரும் சொல்லவில்லை.

உடல் ஒரு பாதியை விளக்கும். மறுபாதி, விதியின் இயல்பில் இருக்கிறது. 1975இல் வெளிவந்த ஓர் ஆய்வில் பீட்டர் ஹெர்மன், டெபோரா மாக் ஆகிய இருவரும் மாணவியர் சிலரை அழைத்து, சுவையறியும் சோதனை என்று மட்டும் சொன்னார்கள். சிலருக்கு முதலில் பாற்பானம் கொடுத்தார்கள். சிலருக்கு எதுவும் கொடுக்கவில்லை. பின்னர் அனைவர் முன்னும் பனிக்கூழை வைத்து, வேண்டிய அளவு உண்டு மதிப்பிடச் சொன்னார்கள். உணவுக் கட்டுப்பாடு இல்லாத மாணவியர், பாற்பானம் குடித்திருந்தால் பனிக்கூழைக் குறைவாக உண்டனர், இது எதிர்பார்த்ததே. கட்டுப்பாட்டில் இருந்தவர்களோ பாற்பானம் குடித்திருந்தால் பனிக்கூழைக் கூடுதலாக உண்டனர். அடுத்த ஆண்டு ஜேனட் பாலிவி நடத்திய ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. முன்னதாக உண்டதில் கலோரி உண்மையில் எவ்வளவு என்பதைவிட, அதில் கலோரி மிகுதி என்று அவர்கள் நம்பியதே பின்னர் உண்ணும் அளவைக் கூட்டியது.

முழுக்க நனைந்த பின் முக்காடு எதற்கு என்பது நம் பழமொழி. அம்மாணவியரின் மனத்தில் ஓடியது அதுவேதான். ‘இன்றைக்கு விதி முறிந்தது, இனி நாளைக்குத்தான் புதிதாகத் தொடங்கவேண்டும், அதுவரை உண்ணலாம்.’ குறைவாக உண்பேன் என்னும் பொதுவான எண்ணத்தை ஒரு துண்டு முறுக்கு முறித்துவிட முடியாது. முறுக்கே உண்ணமாட்டேன் என்னும் விதியை ஒரே ஒரு துண்டு முழுவதுமாக முறித்துவிடும். விதி எவ்வளவு கூர்மையோ அவ்வளவு எளிதில் அது முறியும். முறிந்தபின் தடுப்பதற்கு இடையில் வேறு எதுவும் இருப்பதில்லை.

ஒருவரின் நிலையைக் கொண்டு இதனைப் பார்ப்போம். உணவியல் ஆலோசனைக்கு வருவோர் பலரிடம் காணும் கூறுகளை ஒன்றுசேர்த்து அமைத்த சித்திரம் இது. ஒரு தனிமனிதரின் வரலாறு அன்று. சிங்கப்பூரில் அலுவலகப் பணியில் இருக்கும் முப்பத்தாறு வயதுப் பெண்மணி. உடற்பரிசோதனையில் இரத்தச் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருப்பதாகத் தெரியவந்தது. சோற்றைக் குறையுங்கள் என்று மருத்துவர் கூறினார். அவர் வீடு திரும்புவதற்குள் அந்த அறிவுரை, சோறே கூடாது என்னும் விதியாயிற்று. ஒரு வாரத்தில் மேலும் சில விதிகள் சேர்ந்தன: காலையில் சர்க்கரையில்லாக் கறுப்புக் காப்பி மட்டும், மாவுப்பண்டம் கூடாது, பொரித்தது கூடாது, இரவு ஏழு மணிக்குப் பின் தண்ணீர் மட்டுமே.

காலை ஏழு மணிக்குக் காப்பி. பன்னிரண்டரைக்கு உணவங்காடி நிலையத்தில் மீன் சூப், நூடல்ஸ் இல்லாமல். மாலை நான்கு மணிக்கு உடன் பணிபுரிபவர் நீட்டிய பிஸ்கட்டை மறுத்ததில் ஒரு பெருமிதம். ஆறேமுக்காலுக்கு ஓர் அவித்த முட்டை, கொஞ்சம் வெள்ளரிக்காய். பிறகு மகனுக்கும் கணவருக்கும் சோறும் கோழிக் குழம்பும் பரிமாறுகிறார். பத்தேமுக்காலுக்கு வீடு உறங்கிவிடுகிறது. மீந்த குழம்பைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கப் போனவர், ஒரு கரண்டிச் சோற்றில் அதைக் கலந்து வாயில் போடுகிறார். அக்கணமே அந்த நாள் கெட்டுவிட்டது என்று தீர்மானமாகிறது. பானையில் இருந்த சோறு முழுதும், நின்றபடியே. பின்னர் காயா தடவிய ரொட்டி ஆறு துண்டு. டின்னில் பாதி முறுக்கு. மகனின் சாக்லெட் பிஸ்கட் ஒரு பொட்டலம். நாற்பது நிமிடம். சுவை முதல் சில வாய்க்குப் பின் தெரியவில்லை என்கிறார். வெற்றுப் பொட்டலத்தைக் குப்பைப் பையின் அடியில் மறைத்து வைக்கிறார். மறுநாள் காலையில் பசியில்லை, வெறுப்பு மட்டுமே உள்ளது. அன்று மதிய உணவையும் தவிர்க்கிறார். இது வாரத்திற்கு மூன்று, நான்கு முறை. ஐந்து மாதத்தில் அவர் எடை இரண்டு கிலோ கூடியிருக்கிறது.

இதில் அவர் குறையாகக் கருதுவது பத்தேமுக்கால் மணியை. இரவில் மட்டும் என்னைக் கட்டுப்படுத்த ஒரு வழி சொல்லுங்கள் என்பதே அவர் வேண்டுகோள். ஆயினும் அந்த நாளின் சிக்கல் காலை ஏழு மணிக்கே தொடங்கிவிட்டது. ஆக்ஸ்ஃபர்டில் இத்துறையில் நெடுங்காலம் பணியாற்றிய கிறிஸ்டஃபர் ஃபேர்பர்ன், கட்டுப்பாட்டை மூன்று வகையாகப் பிரிப்பார்: உண்ணும் நேரத்தைத் தள்ளிப்போடுவது, மொத்த அளவைக் குறைப்பது, உணவு வகைகளை விலக்குவது. நம் பெண்மணியிடம் மூன்றும் உள்ளன. மூன்றையும் ஒருசேர அவிழ்க்க முயன்றால் அச்சம் மிகுந்து அவர் பின்வாங்கிவிடுவார். அவிழ்ப்பதற்கு ஒரு வரிசை உண்டு. நேரம் முதலில், அதனுடன் அளவு ஓரளவு தானே சரியாகும், விலக்கிய வகைகள் இறுதியில்.

முதல் வாரம் எதையும் மாற்றுவதில்லை, எழுதுவது மட்டுமே. உண்டவுடன், உண்ட நேரம், உண்ட பொருள், உண்ட இடம், அப்போதைய மனநிலை ஆகியவற்றை ஒரு தாளில் குறிக்கவேண்டும். தம்மை மீறி உண்டதாகத் தோன்றினால் அருகில் ஒரு விண்மீன் குறி. கலோரி எழுதக்கூடாது, எழுதினால் அத்தாள் இன்னொரு விதிப்புத்தகமாகிவிடும். இரவில் மொத்தமாக நினைவுகூர்ந்து எழுதுவதும் பயனற்றது. நம் பெண்மணியின் தாளில் ஒரு வாரத்தில் நான்கு விண்மீன்கள் இருந்தன. நான்கும், மதிய உணவுக்குப் பின் ஆறு மணி நேரத்திற்கு மேல் எதுவும் உண்ணாத நாள்களில் விழுந்தவை. மாமியார் வற்புறுத்தி மாலையில் தோசை தந்த ஒரு செவ்வாய்க்கிழமையில் விண்மீன் இல்லை. அந்தத் தோசையைத் தம் தோல்வியாக அவர் குறித்திருந்தார்.

இரண்டாம் வாரம் முதல் நேர ஒழுங்கு. மூன்று வேளை உணவு, இடையில் இரண்டோ மூன்றோ சிற்றுண்டி. எந்த இரண்டுக்கும் இடையில் நான்கு மணி நேரத்திற்கு மிகாமல் பார்த்துக்கொள்வது. அவர் வகுத்துக்கொண்ட நேரங்கள்: 7.15, 10.15, 12.45, 4.15, 7.30, தேவையானால் 9.30. இந்நிலையில் என்ன உண்பது என்பதை அவரிடமே விட்டுவிடவேண்டும். அவருக்கு அச்சம் தராத உணவே போதும்: காலையில் இரண்டு இட்லியும் சாம்பாரும், இடையில் ஒரு வாழைப்பழம், மாலையில் ஒரு கைப்பிடி கடலையும் பால் கலந்த தேநீரும். ஒரே ஒரு நிபந்தனை: உண்டபின் அதற்கு ஈடுகட்டுவதற்காக அடுத்த வேளையைத் தவிர்க்கக்கூடாது. இரவில் கட்டிழந்து உண்டிருந்தாலும், மறுநாள் 7.15க்கு இட்லி உண்டு. சுழலில் மிக எளிதாக வெட்டக்கூடிய இடம் இதுவே. இதைச் சொல்லும்போதுதான் எதிர்ப்பும் மிகுதியாக எழுகிறது. ‘இரவு அவ்வளவு தின்றுவிட்டுக் காலையிலும் தின்பதா?’ என்று கேட்பார்கள். அந்தக் காலை உணவை நிறுத்தியதால்தான் அடுத்த இரவு வந்தது என்பதை அவர் கையெழுத்துத் தாளே காட்டும்.

நேர ஒழுங்கின் முதல் பத்து நாள் எளிதன்று. நெடுநாள் குறைவாக உண்டவரின் இரைப்பை மெதுவாகவே காலியாகும். சிறிது உண்டாலும் வயிறு உப்பும். பசி, நிறைவு என்னும் உணர்வுகள் இக்காலத்தில் நம்பத்தக்கவை அல்ல. அவை குழம்பிக் கிடப்பதால்தான் கடிகாரத்தைப் பின்பற்றச் சொல்கிறோம். எடையும் ஒரு கிலோவோ இன்னும் சிறிதோ ஏறலாம். இது கொழுப்பு அன்று. தசையும் கல்லீரலும் சேமித்து வைக்கும் கிளைகோஜன் என்னும் மாவுச்சத்து, தன் எடையைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு நீரைத் தன்னுடன் வைத்திருக்கும். மாவுப்பண்டத்தை நிறுத்திய முதல் வாரத்தில் மளமளவென்று எடை இறங்கியதாக மகிழ்ந்ததும் இந்த நீர்தான். இப்போது திரும்புவதும் அதுவே. ஆகவே எடைப்பொறியில் வாரத்திற்கு ஒரு முறை, ஒரே நாளில் மட்டும் ஏறுமாறு கேட்டுக்கொள்கிறோம். நாள்தோறும் ஏறுபவர் நீரின் ஏற்ற இறக்கத்தைக் கண்டு விதிகளை மீண்டும் இறுக்குவார். நம் பெண்மணியின் எடை மூன்றாம் வாரம் 1.2 கிலோ உயர்ந்து, பிறகு நான்கு வாரம் அங்கேயே நின்றது. விண்மீன்கள் வாரத்திற்கு நான்கிலிருந்து ஒன்று, இரண்டாகக் குறைந்தன.

அதன் பிறகே விலக்கிய உணவுகளுக்கு வருகிறோம். இதற்கு ஒரு சிறு பயிற்சி உண்டு. வழக்கமாகப் பொருள் வாங்கும் பேரங்காடிக்குச் சென்று, தாம் வாங்க அஞ்சும் பொருள்களையெல்லாம் எழுதிக்கொண்டு வரவேண்டும். உணவங்காடியிலும் அவ்வாறே. பின்னர் அவற்றை அச்சத்தின் அளவைக் கொண்டு நான்கு படிகளாக வைக்கவேண்டும். சத்துக் கணக்கு இங்கு வேண்டுவதில்லை. நம் பெண்மணியின் பட்டியலில் கீழ்ப்படியில் நூடல்ஸும் ரொட்டியும். அடுத்ததில் மதியச் சோறு. மூன்றாம் படியில் ரொட்டி பிராட்டாவும் நாசி லெமாக்கும். உச்சியில் முறுக்கு, சாக்லெட் பிஸ்கட், வீட்டில் இரவில் உண்ணும் சோறு. கீழ்ப்படியிலிருந்து ஒன்றை எடுத்து, வகுத்த ஒரு வேளையின் பகுதியாக, வாரத்திற்கு இரண்டு, மூன்று முறை உண்ணவேண்டும். சலிப்புத் தட்டியபின் அடுத்த படி. இங்குச் சலிப்பே நாம் நாடும் விளைவு.

எப்போது, எங்கு என்பதிலும் கவனம் வேண்டும். முதன்முதலாகச் சோறு உண்ண அவர் தேர்ந்தது ஒரு புதன்கிழமை மதியம். பசித்துக் களைக்காத நேரம். உடன் ஒரு தோழி. அரைத்தட்டுச் சோறு, மீன்குழம்பு, கீரை. வீட்டில், இரவில், தனிமையில், பானை அருகில் என்றால் அது தோற்றிருக்கும். முறுக்கின் முறை வந்தபோது, 4.15 மணிக்கு மூன்றைத் தட்டில் எடுத்து, டின்னை மூடி அலமாரியில் வைத்துவிட்டு, மேசையில் அமர்ந்து உண்டார். முதல் முறை நெஞ்சு படபடத்ததாக எழுதியிருக்கிறார். ஐந்தாம் முறை அந்தப் பத்தியில் ‘கொஞ்சம் எண்ணெய் வாடை’ என்று மட்டும் குறித்திருந்தார். விதி தளர்ந்ததை அறிய இதைவிட நல்ல அடையாளம் இல்லை: பொருள் மீண்டும் பொருளாகிவிடுகிறது, அதன் சுவையில் குறைகாண முடிகிறது. வேறு அடையாளங்களும் உண்டு. காலையில் பசி எடுக்கும். அலமாரியில் பிஸ்கட் இருப்பதே சில நாள் மறந்துபோகும்.

பிழை நேரும் இடங்களையும் சொல்லவேண்டும். விலக்கிய உணவை மதியம் உண்டுவிட்டு இரவு உணவைக் கைவிடுவது மிகப் பரவலான பிழை. அங்கு வகை தளர்ந்தது, அளவு இறுகிற்று, சுழல் அப்படியே நிற்கிறது. இன்னொன்று, நேர ஒழுங்கையே புதிய விதியாக்குவது. 4.15க்குப் பதில் 4.50க்கு உண்டதற்காக ஒருவர் வருந்தினால், பழைய அதிகாரிக்குப் புதிய சீருடை அணிவித்ததாகவே பொருள். வேறு சிலர், தளர்த்துவது என்றவுடன் ஒரே நாளில் எல்லாவற்றையும் வாங்கி வீட்டை நிரப்பிவிடுகிறார்கள். நேர ஒழுங்கு நிலைபெறாத முன்னர் அது பெரும்பாலும் ஒரு கட்டிழந்த இரவில் முடிகிறது.

நீரிழிவின் எல்லையில் இருப்பவருக்குச் சோற்றைத் திரும்பக் கொடுப்பது சரியா என்னும் கேள்வி நியாயமானது. மலேசியாவின் சுகாதார அமைச்சு பரப்பும் கால்-கால்-அரை என்னும் தட்டு முறையும், சிங்கப்பூரின் சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் தட்டு முறையும் ஒன்றையே சொல்கின்றன: தட்டில் கால்பங்கு சோறு அல்லது அதற்கு ஈடான தானியம், முடிந்தால் தீட்டாதது, கால்பங்கு மீன், இறைச்சி, பருப்பு போன்றவை, அரைப்பங்கு காய்கனி. அதில் சோறு இருக்கிறது. மருத்துவர் சொன்னது பங்கு. நோயாளி கேட்டது தடை. கால்பங்குச் சோற்றை நண்பகலில் உண்பவரின் சர்க்கரையைவிட, நாள் முழுதும் சோறின்றி இருந்து நள்ளிரவில் ஒரு பானையை உண்பவரின் சர்க்கரையே மிகுதியாகத் தாறுமாறாகும். ஆயினும் இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரையோ எடுத்துக்கொள்பவர், உணவு நேரத்தை மாற்றுமுன் மருத்துவரிடம் பேசி மருந்தளவைச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

சமய நோன்பைப் பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். தைப்பூசக் காவடிக்காக மரக்கறி உணவில் இருப்பதும், புரட்டாசிச் சனிக்கிழமைகளும் பொதுவாக இச்சுழலை உண்டாக்குவதில்லை. அவற்றுக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. வகை மாறுகிறதே அன்றி வயிறு காலியாக இருப்பதில்லை. ஆனால் சுழலில் ஏற்கெனவே சிக்கியவர், விரதம் என்னும் பெயரில் வேளைகளைத் தவிர்ப்பது எளிது. எவரும் கேள்வி கேட்கமாட்டார்கள் அல்லவா! அத்தகையோர் இவ்வாண்டு உண்ணாநோன்பைத் தவிர்த்து வேறு தொண்டு செய்யலாம் என்பது என் கருத்து.

இம்முறைக்கு எல்லைகள் உண்டு. கட்டுப்பாட்டில் இருப்போர் அனைவரும் கட்டிழந்து உண்பதில்லை. கட்டிழந்து உண்போர் அனைவரும் கட்டுப்பாட்டால் அந்நிலைக்கு வந்தவரும் அல்லர். சிலருக்குச் சுழல் துயரத்திலோ தனிமையிலோ தொடங்குகிறது. நேர ஒழுங்கு அவர்களுக்கும் உதவும் எனினும் அது மட்டும் போதாது. ஒழுங்காக உண்டும் இரண்டு மாதத்தில் விண்மீன்கள் குறையவில்லை என்றால் காரணம் வேறிடத்தில் உள்ளது என்று கொள்ளலாம். எடை மிகக் குறைந்தவர், மாதவிடாய் நின்றவர், கருவுற்றவர், பதின்ம வயதினர் ஆகியோர் இதைத் தாமாகச் செய்யாமல் மருத்துவரின் துணையோடே தொடங்கவேண்டும்.

உண்டபின் வாந்தி எடுப்பவரும் பேதி மருந்து உட்கொள்பவரும் தாமதமின்றி மருத்துவரைக் காணவேண்டும். வாந்தியால் உண்டது முழுதும் வெளியேறுவதில்லை. கணிசமான பகுதி உடலிலேயே தங்கிவிடும். பேதி மருந்தோ பெருங்குடலில்தான் வேலை செய்கிறது. உணவின் சத்து அதற்கு முன்னரே சிறுகுடலில் உறிஞ்சப்பட்டிருக்கும். வெளியேறுவது நீரும் உப்புகளுமே. அவற்றுள் பொட்டாசியம் குறைந்தால் இதயத் துடிப்பு தடுமாறும். வெளித்தோற்றத்தில் எதுவும் தெரியாது, ஓர் எளிய இரத்தச் சோதனை காட்டிவிடும். மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, தசைத் தளர்ச்சி இருப்பின் அன்றே செல்லவேண்டும். குடும்ப மருத்துவரிடமோ பலதுறை மருந்தகத்திலோ தொடங்கலாம். போகும்போது, ‘எடை குறைக்க வேண்டும்’ என்று மட்டும் சொன்னால் இன்னொரு உணவுப் பட்டியலே கையில் கிடைக்கும். ‘வாரத்தில் இத்தனை முறை என்னை மீறி உண்கிறேன், அதற்கு முன் இத்தனை மணி நேரம் உண்பதில்லை’ என்று சொல்லி, ஒரு வாரத்துத் தாளையும் காட்டுவது நல்லது.

வீட்டில் உள்ளோருக்கும் ஒரு பங்கு உண்டு. முறுக்கு டின்னைப் பூட்டி வைப்பதும், தட்டைப் பார்த்து ‘இவ்வளவா?’ என்று கேட்பதும் விதியை இன்னும் கூர்மையாக்கும். ‘இளைத்துவிட்டாயே’ என்னும் பாராட்டும் அதே வேலையைச் செய்கிறது. நம் பெண்மணியின் மாமியார் ஒன்றுமே கேட்கவில்லை. மாலையில் 7.30க்கு எல்லாருக்கும் தட்டு வைக்கும்போது மருமகளுக்கும் ஒரு தட்டு வைத்தார். அவர் சோறு போட்டுக்கொண்ட நாளிலும், போட்டுக்கொள்ளாத நாளிலும்.